நீங்கள் தந்த அனுமதியும் அதன் நான்கு நிபந்தனைகளும்: ஒரு பள்ளி முதல்வருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் பள்ளி மாணவர்களிடம் வினாப்படிவம் கொடுத்துத் தகவல் திரட்ட நான் கேட்ட அனுமதியை நீங்கள் தந்திருக்கிறீர்கள். கையெழுத்து இருக்கிறது, முத்திரையும் இருக்கிறது. ஆனால் அதன் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் நான்கு நிபந்தனைகளோடு அந்த அனுமதியை என்னால் பயன்படுத்த முடியாது. படிவத்தில் மாணவரின் பெயரும், அரசின் மாணவர் பதிவேடான எமிஸில் அவருக்குள்ள எண்ணும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். படிவங்களை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் வகுப்பாசிரியர்களே நிரப்பி வாங்கித் தருவார்கள் என்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் 'ஏ' பிரிவு மட்டும்தான் என்கிறீர்கள். பெற்றோருக்குத் தனிக் கடிதம் வேண்டாம், பள்ளியின் கையெழுத்தே போதும் என்கிறீர்கள்.

நேரில் வந்து சொல்லிப் பார்த்தேன். "எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தாம்மா குடுக்கறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னது உண்மைதான். பெரும்பாலான பள்ளிகளில் இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் இதை உங்கள் மேசைக்கு மட்டும் அனுப்பாமல் திறந்த மடலாக எழுதுகிறேன். உங்கள் பெயரோ பள்ளியின் பெயரோ ஊரோ இதில் இல்லை. இனியும் எங்கும் வராது.

நான் சமூக நலச் செவிலியத்தில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அதற்கு முன்னால் பள்ளிகளுக்கு வண்டியில் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவில் செவிலியராக இருந்தேன். என் ஆய்வு எளிமையான ஒரு விஷயத்தைப் பற்றியது: பள்ளி நேரத்தில் மாணவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று தோன்றும்போது போகிறார்களா, அடக்கிக்கொள்கிறார்களா, அடக்கினால் ஏன். மொத்தம் 28 கேள்விகள். மாதவிடாய் நாட்களைப் பற்றிய நான்கு கேள்விகள் மாணவிகளுக்கு மட்டும் தனிப் பக்கத்தில் இருக்கின்றன.

குழுவோடு போன காலத்தில் வகுப்பறையில் நின்று "எல்லாரும் நல்லா தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் "யெஸ் மிஸ்!" என்று ஒரே குரலில் பதில் வரும். பக்கத்தில் வகுப்பாசிரியர் நின்றுகொண்டிருப்பார். சாயங்காலம் அதே பிள்ளைகள் பையைத் தூக்கும்போது பார்த்தால், காலையில் வீட்டில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். சிறுநீர்த் தொற்றுக்குத் திரும்பத் திரும்ப மருந்து வாங்கிக்கொண்டிருந்த மாணவிகளிடம் தனியாக உட்கார்ந்து பேசியபோதுதான் காரணம் வெளியே வந்தது. தண்ணீர் குடித்தால் போக வேண்டி வரும், போக முடியாது, அதனால் குடிப்பதே இல்லை.

போக முடியாது என்பதற்குக் கழிப்பறை இல்லை என்பது மட்டும் காரணமல்ல. ஒரு கணக்கைப் பாருங்கள். இடைவேளை 10 நிமிடம். உள்ளே போய், கைகழுவி வெளியே வர ஒரு மாணவிக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கழிப்பறையை அந்த இடைவேளையில் 5 பேர் பயன்படுத்தலாம். எட்டு கழிப்பறைகள் நல்ல நிலையில் இருந்தாலும் 40 பேர்தான் போய் வரமுடியும். அந்தத் தளத்தில் 300 மாணவிகள் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? பாட வேளையில் கேட்டால் "இப்பத்தானே இன்டர்வல் விட்டாங்க" என்பார் ஆசிரியர். அவர் மேலும் தவறு இல்லை. கழிப்பறை எத்தனை, அவற்றில் எத்தனை இயங்குகின்றன என்று, பள்ளி விவரங்களை அரசு திரட்டும் யுடைஸ் படிவத்தில் ஆண்டுதோறும் நீங்களே நிரப்பி அனுப்புகிறீர்கள். பிள்ளைகள் அதற்குள் போகிறார்களா என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. அதைப் பிள்ளைகளிடம்தான் கேட்க முடியும். அவர்கள் பயமில்லாமல் சொல்லும்படி கேட்டால்தான் அந்தப் பதிலால் பயன் உண்டு.

இனி நிபந்தனைகளுக்கு வருகிறேன். 'படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நிரப்பித் தருகிறோம்' என்பதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன்னால் வேறொரு பள்ளியில் இதே நிபந்தனையின் பேரில் ஒன்பதாம் வகுப்பின் ஒரு பிரிவுக்கான படிவங்களை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வகுப்பில் 42 பேர். ஒரு வாரம் கழித்து ரப்பர் பேண்ட் போட்டு 42 படிவங்களும் திரும்பி வந்தன. பார்ப்பதற்கு மிக நேர்த்தியான கட்டு. ஒரு கேள்விகூட விடுபடவில்லை, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்த நேர்த்தியே எனக்கு உறுத்தியது. படிவம் நிரப்பிய தேதி மேலே எழுதியிருந்ததால் அன்றைய வருகைப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டேன். அன்று ஐந்து பேர் வரவில்லை. வராத ஐந்து பேரும் எப்படியோ எனக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் உள்ளே பார்த்தேன். வினாப்படிவம் தயாரிக்கும்போது ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எதிரெதிராகக் கேட்டு வைப்பது வழக்கம். என் படிவத்தில் 7ஆம் கேள்வி, 'பள்ளியில் சிறுநீர் வந்தாலும் வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்வேன்' என்பது. 19ஆம் கேள்வி, 'பள்ளியில் தேவைப்படும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போய்வருவேன்' என்பது. இரண்டுக்கும் எப்போதும், பெரும்பாலும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று நான்கு கட்டங்கள். முதலாவதற்கு 'எப்போதும்' என்று போட்டவர் இரண்டாவதற்கும் 'எப்போதும்' என்று போட முடியாது. அந்தக் கட்டில் பாதிக்கு மேற்பட்ட படிவங்களில் 7ஆம் கேள்விக்கும் 19ஆம் கேள்விக்கும் ஒரே கட்டத்தில்தான் டிக் விழுந்திருந்தது. கேள்வியைப் படிக்காமல் ஒரே வரிசையில் மேலிருந்து கீழே டிக் போட்டுக்கொண்டே வந்தால் இப்படித்தான் வரும். போதாததற்கு, மாணவிகளுக்கு மட்டுமான பக்கம் சில மாணவர்களின் படிவத்திலும் நிரப்பப்பட்டிருந்தது. டிக் அடித்த பேனாவோ பல படிவங்களில் ஒரே பச்சை மை.

யாரோ ஒருவர் ஓய்வு வேளையில் உட்கார்ந்து உதவி செய்வதாக நினைத்து நிரப்பியிருக்கிறார். அவரை நான் குறை சொல்லவில்லை. பாடத்திட்டம் முடிக்க வேண்டும், நோட்டுத் திருத்த வேண்டும், எமிஸில் ஏற்ற வேண்டும், இதற்கு நடுவே யாரோ ஒரு மாணவியின் ஆய்வுக்கு 42 படிவம் என்றால் அவர் என்ன செய்வார்? ஆனால் அந்தக் கட்டு குப்பைக்குத்தான் போனது. என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்தப் பள்ளியின் தரவு முழுவதையும் நீக்கச் சொல்லிவிட்டார், அதுதான் சரியும்கூட. அதை நீக்காமல் கணினியில் ஏற்றியிருந்தால் 'மாணவர்களுக்குப் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை' என்று அழகான அட்டவணையோடு ஒரு ஆய்வேடு வந்திருக்கும். நம் கல்லூரி நூலகங்களில் அப்படி எத்தனை ஆய்வேடுகள் இருக்கின்றனவோ!

பிள்ளைகள் கைப்பட நிரப்பிய கட்டு அழுக்காக இருக்கும், ஐயா. முன்னோட்டமாக இன்னொரு பள்ளியில் நானே வகுப்பில் நின்று வாங்கிய படிவங்கள் அப்படித்தான் இருந்தன. ஒருவர் ஒரு பக்கத்தையே புரட்டாமல் விட்டிருந்தார். ஒருவர் கட்டத்துக்குப் பக்கத்தில் "ஞாபகம் இல்ல" என்று எழுதியிருந்தார். ஓரத்தில் கிரிக்கெட் மட்டை வரைந்தவர்களும் உண்டு. 7க்கும் 19க்கும் முரணாகப் பதில் சொன்னவர்கள் அங்கேயும் சிலர் இருந்தார்கள், ஆனால் அது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அந்த அழுக்கை வைத்துத்தான் எந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று கண்டுபிடித்து மாற்றி எழுதினேன்.

வகுப்பாசிரியர் நிரப்பாவிட்டாலும், அவர் வகுப்பில் நடந்துகொண்டிருந்தாலே பதில் மாறும். 'பாட வேளையில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால் என்ன நடக்கும்?' என்பது 14ஆம் கேள்வி. அனுமதி கொடுப்பவரும் மறுப்பவரும் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது ஒரு பதினான்கு வயதுப் பெண் அதற்கு என்ன எழுதுவாள் என்று உங்களுக்கே தெரியும்.

அதற்காக ஆசிரியர் யாருமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வெளியாள் ஒருவரைப் பிள்ளைகளோடு தனியாக விடுவது சரியில்லை, அது நானாக இருந்தாலும். கதவு திறந்திருக்கட்டும். ஆசிரியை ஒருவர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரட்டும். வகுப்பு அவர் கண்ணில் பட வேண்டும், படிவம் படக் கூடாது. அவ்வளவுதான்.

பெயரும் எமிஸ் எண்ணும் வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்கு மறக்கவில்லை. "பிரச்சினை உள்ள பிள்ளை யாருன்னு தெரிஞ்சாத்தானே நாங்க ஏதாவது செய்ய முடியும்?" நல்ல எண்ணத்தில் கேட்டது என்று நம்புகிறேன். ஆனால் இந்தப் படிவம் நோயாளியைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. ஒரு வகுப்பில் எத்தனை பேர் அடக்கிக்கொள்கிறார்கள், என்னென்ன காரணத்தால் என்பதை மட்டும்தான் அது சொல்லும். நூறு பேரில் அறுபது பேர் தாழ்ப்பாள் சரியில்லை என்று எழுதினால் நீங்கள் தாழ்ப்பாளை மாற்ற வேண்டும், அதற்கு அந்த அறுபது பேர் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

பெயரைக் கேட்டால் இழப்பு எங்கே வரும் என்றால், சரியாக எந்தப் பிள்ளைகளின் பதில் நமக்கு முக்கியமோ அவர்களிடம்தான் வரும். சிக்கல் ஒன்றும் இல்லாதவர் பெயர் போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே பதிலைத்தான் எழுதுவார். சிக்கல் இருப்பவர்தான் பெயர் இருந்தால் மறைப்பார். அதாவது தவறு எல்லாப் பக்கமும் சமமாக விழாது, ஒரே பக்கமாக விழும். பிறகு எவ்வளவு பெரிய கணக்குப் போட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. எமிஸ் எண் இன்னும் மோசம், ஏனென்றால் அந்த எண்ணை வைத்துப் பிள்ளையின் முகவரி, சாதி, பெற்றோரின் தொலைபேசி எண் வரை போய்விடலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்கிறது, அவர்களைப் பற்றிய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எனக்குத் தேவையே இல்லாத ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் நான் ஏன் சுமக்க வேண்டும்? எங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததும் பெயரில்லாத படிவத்துக்குத்தான். பெயர் சேர்த்தால் அந்த ஒப்புதல் செல்லாது.

சிக்கலில் இருக்கும் பிள்ளைக்கு வழி வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கு வேறு ஏற்பாடு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படிவத்தோடும் கிழித்து வீட்டுக்கு எடுத்துப்போகும் சிறு சீட்டு ஒன்று இருக்கும். சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் எந்த நாட்களில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம் என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அதில் இருக்கும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை என்னிடம் நேரில் வந்து பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால் அதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், அப்படி ஒன்று தெரியவந்த எவரும் புகார் செய்யக் கடமைப்பட்டவர் என்கிறது. படிவம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பிள்ளைகளுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லிவிடுவேன்.

'ஏ' பிரிவு விஷயம் சின்னதாகத் தெரியலாம். எல்லாப் பிரிவும் நம் பிள்ளைகள்தானே, எதைக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் உங்கள் பள்ளியிலேயே நான் நடந்து பார்த்ததைச் சொல்கிறேன். 'ஏ' பிரிவு முன்கட்டடத்தில் ஆசிரியர் அறைக்கு அடுத்து இருக்கிறது, கழிப்பறை அதே தளத்தில். 'டி', 'இ' பிரிவுகள் பின்கட்டடத்தின் மேல்மாடியில். அங்கிருந்து கழிப்பறைக்கு இரண்டு மாடி இறங்கி மைதான ஓரமாக நடக்க வேண்டும். பதினோராம் வகுப்பு 'ஏ' பிரிவுக்குக் காலையிலும் மாலையிலும் சிறப்பு வகுப்பு இருப்பதால் அவர்கள் பள்ளியில் இருக்கும் நேரமே மற்றவர்களைவிட அதிகம். என் ஆய்வு கேட்பதே தூரத்தையும் நேரத்தையும் பற்றி. அவை இரண்டும் பிரிவுக்குப் பிரிவு மாறும்போது ஒரே பிரிவை எடுத்துப் பள்ளி முழுவதற்கும் பேச முடியாது. ஒரே பிரிவில் உள்ள 40 பேரும் ஒரே மணிக்கு, ஒரே ஆசிரியரிடம் கேட்டு, ஒரே கழிப்பறைக்குப் போகிறவர்கள். அவர்களைக் கணக்கில் 40 தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொள்ளவே முடியாது. அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் ஐந்து பிரிவுகளில் இரண்டைச் சீட்டுக் குலுக்கி எடுக்க விடுங்கள். உங்கள் அறையில், உங்கள் முன்னால், சீட்டை நீங்களே எடுக்கலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத்தான் வெளியாளுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் இந்த விஷயத்தில் உதவாது.

பெற்றோர் கடிதத்தைப் பற்றி நீங்கள் தயங்குவது புரிகிறது. கழிப்பறை, மாதவிடாய் என்று கடிதத்தில் பார்த்ததும் யாராவது ஒரு பெற்றோர் தாளாளருக்குப் போன் போடுவார், வாட்ஸப் குழுவில் புரளி கிளம்பும், அடுத்த ஆண்டு சேர்க்கை வரை அது பேச்சாக இருக்கும். ஆனால் கடிதம் அனுப்பாமல் செய்துவிட்டு, சாயங்காலம் பிள்ளை வீட்டுக்குப் போய் "இன்னைக்கு ஒரு நர்ஸ் வந்து இப்படி எல்லாம் கேட்டாங்க" என்று சொன்னால் வரும் போன் இதைவிடப் பெரியதாக இருக்கும். அதை விடுங்கள், உங்கள் கையெழுத்து பெற்றோரின் கையெழுத்துக்கு ஈடாகாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளிலேயே உள்ள விஷயம். பள்ளித் தலைவரின் அனுமதி என்பது உள்ளே வருவதற்கான கதவு. அதற்கப்புறம் பெற்றோரின் ஒப்புதல், அதற்கும் அப்புறம் 12 வயதைத் தாண்டிய பிள்ளை தானே எழுத்தில் தரும் சம்மதம் என்று ஒவ்வொன்றாக வாங்க வேண்டும்.

கடிதம் ஒரே பக்கம். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். மாதவிடாய்க் கேள்விகள் நான்கையும் அப்படியே அச்சிட்டிருக்கிறேன், பெற்றோர் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். அம்மா, அப்பா இருவரில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு யாராவது படித்துக் காட்டி, கைநாட்டு வைத்து, படித்துக் காட்டியவர் சாட்சிக் கையெழுத்துப் போடலாம். திரும்பி வராத கடிதத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளே அப்பா கையெழுத்தைப் போட்டுவிடும் வழக்கமும் உண்டு (ரேங்க் கார்டில் நாம் போடாததா?). இந்த இடத்தில்தான் வகுப்பாசிரியரின் உதவி எனக்கு உண்மையிலேயே தேவை. டைரியின் முதல் பக்கத்தில் இருக்கும் பெற்றோர் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்னால் போதும். படிவம் நிரப்புவதைவிட இது அவருக்கும் எளிது.

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கூகுள் ஃபார்ம் ஆக்கி வகுப்புக் குழுவில் போட்டுவிடலாமே என்றார். அந்தக் குழுவில் இருக்கும் போன் அப்பாவுடையது. பதில் போட்டது பிள்ளையா, அக்காவா, அப்பாவா என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையே போட்டாலும் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் போட வேண்டும். அந்த யோசனையை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஒரு பாட வேளையில் என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. 40 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் விளக்கம். எழுத விருப்பமில்லாவிட்டால் எழுத வேண்டாம், மதிப்பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை, எந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம் என்று சொல்வேன். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் நானே சத்தமாகப் படிப்பேன். ஆங்கில வழியில் படிக்கும் சில பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும், சிலருக்கு ஆங்கிலக் கேள்வி புரியாது. படித்துக் காட்டினால் எல்லோரும் ஒரே வேகத்தில் போகலாம். ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காரும்போது பக்கத்துத் தாளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதால் இடையில் பையை வைக்கச் சொல்வேன். மாணவர்களும் மாணவிகளும் ஒரே அறையில் இருப்பதால் மாணவிகள் பக்கத்தை மட்டும் நான் படிக்க மாட்டேன், அவர்கள் மனதுக்குள் படித்து நிரப்புவார்கள். அந்த நேரத்தில் மாணவர்களுக்கு வேறு நான்கு கேள்விகள் அதே அளவு பக்கத்தில் இருக்கும், யார் எதை எழுதுகிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

பெற்றோர் சம்மதிக்காத பிள்ளைகளையும், தனக்கே விருப்பமில்லாத பிள்ளைகளையும் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அவர்கள் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். அவர்களுக்கும் அதே உறையில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் இருக்கும். கடைசியில் எல்லோரும் உறையை ஒட்டி, பூட்டிய பெட்டியில் போடுவார்கள். நிரப்பியது, வெறுமையாக விட்டது, புதிர் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான் போகும். பெட்டி பள்ளியில் திறக்கப்படாது.

பள்ளியின் பெயர் கெட்டுவிடுமோ என்பதுதான் இந்த நான்கு நிபந்தனைகளுக்கும் அடியில் உள்ள கவலை என்று நினைக்கிறேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் மேசையில் இருந்த அட்மிஷன் நோட்டீஸைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள். ஆய்வேட்டில் உங்கள் பள்ளிக்கு ஒரு எழுத்துதான் பெயர். நன்றியுரையிலும் பள்ளியின் பெயரைப் போட மாட்டேன். ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் பதிலைத் தனியாகக் காட்ட மாட்டேன், ஏனென்றால் சின்னக் குழுவில் யார் என்று ஊகித்துவிடலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்னால் உங்கள் பள்ளியின் முடிவுகளை இரண்டு பக்கத்தில் எழுதி உங்களிடம் தருவேன். தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன். எண்ணை மாற்றச் சொன்னால் மட்டும் மாற்ற மாட்டேன். பின்கட்டடப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை என்று வந்தால், அது உங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டிய செய்தி. இடைவேளையை இரண்டு தளங்களுக்கும் ஐந்து நிமிடம் தள்ளித் தள்ளி விடுவது போன்ற செலவில்லாத மாற்றங்களுக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

ஆகவே நான் கேட்பவை இவை.

நிபந்தனைகள் நான்கையும் நீக்கிப் புதிய அனுமதிக் கடிதம் தாருங்கள். படிவத்தில் பெயர், எமிஸ் எண், வரிசை எண் எதுவும் இருக்காது, நிரப்பிய படிவத்தைப் பள்ளியில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன். ஒன்பதாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் தலா இரண்டு பிரிவுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்க ஒரு நாள் குறித்துக் கொடுங்கள். அந்தப் பிரிவுகளின் பெற்றோருக்கு என் கடிதத்தை டைரியோடு அனுப்ப அனுமதியுங்கள். கடிதம் திரும்பி வர மூன்று வேலை நாள் போதும், நீண்ட விடுமுறைக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாட வேளை ஒதுக்குங்கள். விளையாட்டு வேளையை எடுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் அந்தக் கோபத்தில் டிக் போடுவார்கள். வராந்தாவில் உட்கார, அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஆசிரியை ஒருவரை நியமியுங்கள்.

இவை எல்லாம் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிய வேண்டும். தேர்வு நாட்களில் பிள்ளைகள் அரை நாள்தான் பள்ளியில் இருப்பார்கள், அப்போது கேட்கும் பதில் சாதாரண நாளுக்குப் பொருந்தாது.

முடியாது என்று நீங்கள் முடிவு செய்தால் அதையும் எழுத்தில் தாருங்கள். எத்தனை பள்ளிகளைக் கேட்டேன், எத்தனை மறுத்தன என்பதை ஆய்வேட்டில் நான் சொல்ல வேண்டும், அதில் உங்கள் மறுப்பு பெயரில்லாமல் ஒரு எண்ணாக மட்டும் சேரும். தயவுசெய்து மீண்டும் நிபந்தனையோடு ஒரு அனுமதி மட்டும் தராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் தகவல் திரட்டக் காத்திருக்கும் செவிலிய மாணவி